தாத்தாவின் தப்பும் பேத்தியின் சங்கீதமும்

கேள்வி: "எங்கப்பா பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்துல தப்பு அடிச்சவர். காமன் கூத்துக்கும் அவர்தான். நான் படிச்சு ஆசிரியராகி இப்ப ஹட்டன் டவுன்ல இருக்கேன். மகள் ஸ்கூல்ல கர்நாடக சங்கீதம் படிக்கிறா. தாத்தா தப்பு அடிச்சவர்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லாதீங்கங்கறா, தப்புச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருதுங்கறா. ரசனை அவங்கவங்க விருப்பம்தானே? இல்ல, படிப்பும் அந்தஸ்தும்தான் இதையெல்லாம் தீர்மானிக்குதா?"

வணக்கம். மகளின் எரிச்சலை நடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அவள் காதுக்கு அது உண்மையாகவே எரிச்சல்தான். ஆனால் அந்தக் காது எப்படி அப்படி ஆனது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அது உங்கள் குடும்பத்தோடு தொடங்கிய கதையும் அல்ல. நானும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். பிறகு சமூகவியல் படித்து, ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு அதைப் படிப்பித்தேன். இந்தத் துறையில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும், என் ஊகமாக மட்டும் சொல்லக்கூடியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1963இலும் 1967-68இலும் பிரான்சில் 1,217 பேரிடம் அவர்களுடைய ரசனைகளைப் பற்றிக் கேட்டார். அந்த ஆய்வை வைத்து எழுதிய பெரிய நூல் 1979இல் வெளிவந்தது. இசையைப் போல ஒருவருடைய வர்க்கத்தைக் காட்டிக்கொடுப்பது வேறெதுவும் இல்லை என்பது அவர் முடிவு. பாஹ் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் தனிப் பியானோத் தொகுதி ஒன்றைப் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் கலைஞர்களும் விரும்பினார்கள். எல்லோரும் கேட்டுப் பழகிய ஒரு நடன மெட்டைத் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் விரும்பினார்கள். கையில் உள்ள பணத்தைவிடப் படிப்பும், பிறந்த வீட்டுச் சூழலும்தான் இந்த வேறுபாட்டை நன்றாக விளக்கின. இவ்வளவும் கணக்கெடுத்துக் கண்டது. பூர்தியூவே ஒரு கிராமத்துப் பிள்ளை, அப்பா தபால் ஊழியர். மேலே ஏறிப் போன பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பணத்தைப் போலவே ஒருவருக்குச் சமூகத்தில் இடம் பெற்றுத்தரும் பழக்கத்தையும் படிப்பையும் அவர் பண்பாட்டு மூலதனம் என்றார். அது மூன்று வடிவில் இருக்கிறது. முதலாவது உடம்பில் ஊறியது: எப்படிக் கேட்பது, எப்படிப் பேசுவது, எங்கே தலையாட்டுவது. இரண்டாவது பொருளாக இருப்பது: வீட்டிலுள்ள வயலின், சுருதிப் பெட்டி, புத்தகம். மூன்றாவது சான்றிதழாக இருப்பது: அரசோ சபையோ முத்திரை குத்திக் கொடுத்த தகுதி. இந்த மூன்றையும் உங்கள் வீட்டு மூன்று தலைமுறையின் மேல் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

அப்பாவிலிருந்து பார்ப்போம். அவர் கையில் இருந்தது லேசான வித்தை இல்லை. ஒரு கைக்குத் தடித்த குட்டைக் குச்சி, மறு கைக்கு மெல்லிய நீளக் குச்சி. தோல் ஈரம் இழுத்துக் குரல் தளர்ந்தால் வைக்கோலில் நெருப்புப் போட்டுக் காய்ச்சி இறுக்க வேண்டும். அதிகமாகக் காய்ச்சினால் தோல் கிழியும், குறைவாகக் காய்ச்சினால் ஒலி எழாது. நம் மலையின் மூடுபனியில் இது எத்தனை சிரமம் என்று அவரைக் கேளுங்கள். அதற்கு மேல் அடிகள். சாவு வீட்டுக்கு ஓர் அடி, சாமி வருவதற்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. மாசி அமாவாசைக்குப் பிறகு காமன் ஊன்றியதிலிருந்து பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் வரை ரதிக்கும் மன்மதனுக்கும் தூதனுக்கும் வீரபுத்திரனுக்கும் எமனுக்கும் ஆட்டம் மாற மாற அடியும் மாறும். ஆடுகிறவனுடைய காலைப் பார்த்துக்கொண்டே, அவன் தவறினால் தாங்கிப் பிடித்து, விடியும் வரை அடிக்க வேண்டும். உடம்பில் ஊறிய மூலதனம் என்று பூர்தியூ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த வித்தையை வேறு எதுவாகவும் மாற்ற முடியவில்லை. அதற்குத் தரப்பரீட்சை இல்லை, எழுதி வைத்த பாடமுறை இல்லை, அதைக் காட்டி வேலை கேட்க ஓர் அலுவலகம் இல்லை. தோட்ட நிர்வாகமும் தப்பைப் பயன்படுத்தியது, ஆனால் ஆட்களை விடியற்காலையில் பிரட்டுக்குக் கூப்பிடத்தான். பிரட்டுத் தப்பு என்றே அதற்குப் பெயர். ஒரு வாத்தியத்தைச் சங்கு ஊதுவது போல வேலைக்கு அழைக்க மட்டும் பயன்படுத்தினால், அது காதுகளில் எந்த நினைவோடு பதியும் என்று யோசித்துப் பாருங்கள். கூத்து இரவின் மகிழ்ச்சியும் பிரட்டின் கசப்பும் ஒரே ஒலியில் கலந்து கிடக்கின்றன.

மகளிடம் நடப்பது இதற்கு நேரெதிர். சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ்மொழி மாணவர்கள் அழகியல் பாடமாகச் சங்கீதத்தை எடுக்கும்போது, அது கர்நாடக சங்கீதம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று படிக்குப் படி ஏறலாம். ஒவ்வொரு படியிலும் புள்ளி உண்டு. பாடசாலைக்கு வெளியே வட இலங்கைச் சங்கீத சபையின் தரப்பரீட்சைகள் இருக்கின்றன, அதன் உச்சியில் கலாவித்தகர் என்ற பட்டம். உயர்தரம் முடித்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ அதே துறையில் பட்டம் பெறலாம், பட்டத்தோடு ஆசிரியர் நியமனம் பெறலாம். தாத்தாவிடம் வித்தை இருந்தது, அதை மாற்றிக்கொள்ள வழி இருக்கவில்லை. பேத்திக்கு வித்தை இன்னும் அரைகுறைதான், ஆனால் வழி முழுதாகப் போட்டுக் கிடக்கிறது. எது இசை என்று பதினைந்து வயதுப் பிள்ளை நினைக்கிறது என்பதை இந்த வழிதான் பெருமளவு தீர்மானிக்கிறது. பாடசாலை அவளிடம் ஒருநாளும் "தப்பு தாழ்ந்தது" என்று சொல்லியிருக்காது. அதைப் பாடத்திட்டத்தின் நடுவில் வைக்காமல் விட்டதே போதும்.

கர்நாடக சங்கீதத்துக்கு இந்த இடம் இயற்கையாக வந்து சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னை மியூசிக் அகாடமி 1928இல் அமைந்தது. அந்தக் காலத்தில்தான் கோயிலிலும் அரண்மனையிலும் இசை வேளாளரும் தேவதாசிகளும் வளர்த்த இசை, சபா மேடைக்குரிய, நேரம் வரையறுத்த கச்சேரிக்குரிய, படித்த மேல்சாதி வீட்டுப் பெண் கற்றுக்கொள்ளத் தகுந்த "சாஸ்திரிய" இசையாக உருமாறியது. வளர்த்தவர்கள் ஓரத்துக்குப் போனார்கள், இசை நடுவுக்கு வந்தது. இதை அந்த இசையைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கு அது உயிர். மதிப்பு என்பது ஒலிக்குள் மட்டும் இருப்பதில்லை, நிறுவனங்களும் மனிதர்களும் சேர்ந்து கட்டுவது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

இரண்டு தலைமுறைக்கும் நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கேள்வியில் உங்களைப் பற்றி அதிகம் இல்லை. வீட்டிலே பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியவருக்கும் பாடசாலையில் கற்றுக்கொண்டவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பூர்தியூ மிக நுணுக்கமாகப் பார்த்தார். வீட்டில் பழகியவர் தவறாகச் சொல்லிவிட்டும் சிரித்துவிட்டுப் போவார். கற்று ஏறியவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுவார், பிழை வந்துவிடுமோ என்று பயப்படுவார். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தது 1970களில்தான். அதற்கு முன் பெரும்பாலானவற்றில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வழியில்லை. அந்தப் பின்னணியிலிருந்து ஆசிரியரான முதல் தலைமுறைக்கு இந்தப் பயம் மிக அதிகம். மகளுக்குச் சங்கீதம் தேர்ந்ததில் உங்களுக்கும் பங்கு இருந்திருக்கும். அதில் அன்பும் இருந்திருக்கும், "நம் பிள்ளையை யாரும் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிவிடக்கூடாது" என்ற தவிப்பும் இருந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் ஓய்வறைகளில் எத்தனையோ சக ஆசிரியர்களிடம் பார்த்த தவிப்பு என்பதால் எழுதுகிறேன். மகள் உங்களிடமிருந்து சங்கீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்தத் தவிப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இனி, இந்தக் கோட்பாடு எங்கே போதாது என்று சொல்கிறேன். பிரான்சில் எடுத்த கணக்கு அப்படியே மலையகத்துக்குப் பொருந்தாது. முதல் இடைஞ்சல் சினிமாப் பாட்டு. கணக்கப்பிள்ளை வீட்டிலும், லயத்திலும், ஆசிரியர் விடுதியிலும், டவுன் கடையிலும் ஒரே பாட்டைத்தான் கேட்டோம். இலங்கை வானொலி அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்தது. எனவே "எந்த இசை பிடிக்கும்?" என்று கேட்டு நம் ஊரில் வர்க்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதே பாட்டை எப்படிக் கேட்கிறார், அதைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் வேறுபாடு தெரியும். ஒருவர் பாட்டைக் கேட்டு அழுவார். இன்னொருவர் "இது எந்த ராகம் தெரியுமா?" என்று தொடங்குவார். ஒருவருக்குத் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் மலை முழுவதும் கேட்டால்தான் திருவிழா. இன்னொருவருக்கு அது இரைச்சல், அவர் காதுக்குள் சொருகிக்கொண்டு தனியாகக் கேட்கிறார். மகள் "தப்புச் சத்தம்" என்று சொன்னதைக் கவனியுங்கள். சத்தத்தின் அளவைப் பற்றிப் பேசுவது போலத் தோன்றினாலும், பல நேரங்களில் நாம் பேசிக்கொண்டிருப்பது அதை எழுப்பும் மனிதர்களைப் பற்றித்தான். நாதஸ்வரமும் தவிலும் தப்பைவிடக் குறைந்த சத்தம் இல்லை. அதற்கும் அவளுக்கு எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அது வெறும் காதுதான். வராவிட்டால், அது காது மட்டும் இல்லை.

இரண்டாவது இடைஞ்சல் பெரியது. பூர்தியூவின் கணக்கில் சாதி இல்லை. தப்பு அடிப்பது ஒரு சாதியின் கடமையாகத் தமிழ்நாட்டிலிருந்து கூடவே வந்தது. கொழுந்து பறிக்கையில் எல்லோரும் ஒரே நிரையில் நின்றார்கள், அதனால் தோட்டத்தில் சாதி தளர்ந்தது என்பார்கள். வேலைத் தலத்தைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. கல்யாணத்திலும் கோயிலிலும் சாவு வீட்டிலும் அது அவ்வளவு தளரவில்லை. உங்கள் குடும்பம் எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் தாத்தா தப்பு அடித்தவர் என்று சொன்ன நிமிடமே கேட்பவர் மனதில் அந்தக் கணக்கு ஓடும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எனவே "கூட்டாளிங்ககிட்ட சொல்லாதீங்க" என்பது ரசனையே அல்லாமல் ஒரு தற்காப்பாக இருக்கலாம். ரசனைக்கும் தற்காப்புக்கும் வேறுபாடு உண்டு. ரசனை தனியாக இருக்கும்போதும் அப்படியே இருக்கும், தற்காப்பு ஆட்கள் முன்னால்தான் எழும்பும். தாத்தாவோடு தனியாக இருக்கும்போது, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் மேசையில் விரலால் தாளம் போட்டால் அவள் முகம் எப்படி இருக்கிறது? அதைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மேல்தட்டு ரசனையும் பூர்தியூ பார்த்த இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் பீட்டர்சன் 1982, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தரவுகளை ஒப்பிட்டார். சாஸ்திரிய இசையை ரசிக்கும் படித்தவர்கள் கிராமிய இசை, ஜாஸ் போன்றவற்றையும் முன்பைவிட அதிகமாக விரும்பத் தொடங்கியிருந்தார்கள். இப்போது உயர்ந்தவர் என்று காட்டிக்கொள்ள ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது, எல்லாவற்றையும் ரசிக்கத் தெரிய வேண்டும். ஆனால் 1996இல் பெத்தனி பிரைசன் என்பவர் இதற்குள் இருந்த ஓர் ஓட்டையைக் காட்டினார். "எல்லாம் பிடிக்கும்" என்று சொன்ன படித்தவர்கள் ஒதுக்கி வைத்தவை எவை என்று பார்த்தால், மிகக் குறைந்த படிப்புள்ளவர்கள் விரும்பும் இசைவகைகள்தான். ஒருவர் எதை விரும்புகிறார் என்பதைவிட எதை வெறுக்கிறார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

இது நம் மலையில் இப்போது கண்முன் நடக்கிறது. மலையகத் தமிழர் என்ற அடையாளம் வலுப்பட வலுப்பட, காமன் கூத்தும் தப்பும் மேடைக்கு வந்தன, ஆய்வுக் கட்டுரைக்கு வந்தன. மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தபோது அந்த உணர்வு இன்னும் கூடியது. நான் இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் யாருக்கு இதனால் பெருமை சேர்கிறது என்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மாணவன் ஒருவன் வெள்ளைச் சட்டையோடு மேடையில் தப்பு அடித்தால் "வேர்களை மறக்காத பிள்ளை" என்கிறார்கள். அதே நாள் பக்கத்துத் தோட்டத்துச் சாவு வீட்டில் அதே அடியை அடித்த கிழவருக்குச் சாராயமும் கொஞ்சம் பணமும் கிடைக்கும், உட்கார நாற்காலி கிடைப்பது சந்தேகம். ஒலியும் தோலும் ஒன்றுதான். கைதான் வேறு. வேறு தகுதிகள் ஏற்கெனவே கையில் இருப்பவருக்குத் தப்பு ஓர் அணிகலன். வேறெதுவும் இல்லாதவருக்கு அது இன்னும் ஓர் அடையாளக் குறி, விலக்கி வைக்கும் குறி.

அதனால்தான் உங்கள் மகளிடம் "தப்பைப் பற்றிப் பெருமைப்படு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்கிறேன். அவளுக்கு அந்தப் பெருமை இன்றைக்குக் கட்டுப்படியாகாது. சங்கீதத் தகுதி இன்னும் கையில் வரவில்லை, டவுன் பாடசாலையில் அவள் இடம் இன்னும் உறுதியாகவில்லை. நான் பார்த்த வரையில், வெட்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் பட்டம் பெற்று ஒரு வேலையில் காலூன்றிய பிறகுதான் தாத்தாவைப் பற்றி வாய் திறந்தார்கள். அதுவரை காத்திருக்கத் தாத்தாவுக்கு வயது இருக்குமா என்பதுதான் என் கவலை. எல்லாப் பிள்ளைகளும் அப்படித் திரும்பி வருவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் ஒரே பாடசாலைக்குப் போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பும், ஒன்று திரும்பாது. தனி மனிதருக்குள்ளேயே உயர்ந்ததும் தாழ்ந்ததும் கலந்து கிடக்கும் என்று பூர்தியூவுக்குப் பின் வந்த பெர்னார்ட் லாஹிர் விரிவாகக் காட்டினார். வர்க்கம் எந்தப் பக்கம் சாய்வு அதிகம் என்று சொல்லும். உங்கள் மகள் என்ன செய்வாள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சங்கீதத்தின் மதிப்பும் எல்லா இடத்திலும் ஒரே அளவில்லை என்பதை அவளும் போகப் போகக் காண்பாள். தமிழ் ஆசிரியர்களுக்கு நடுவில், கோயில் சபையில், கல்யாணம் பேசும் வீட்டில் அது செல்லும். கொழும்புக் கம்பெனியின் நேர்முகத் தேர்வில் பியானோத் தரப்பரீட்சையும் அதனோடு வரும் ஆங்கிலமும்தான் எடுபடும். துரை பங்களாக்களும் மிஷன் பாடசாலைகளும் விட்டுப்போன இன்னோர் ஏணி அது. யாழ்ப்பாணத்துச் சங்கீத வீட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரும்போது, புள்ளி ஒன்றாக இருந்தும் பேச்சில் ஏதோ குறைவதாக அவளுக்குத் தோன்றலாம். அந்த நாளில் அவள் குழம்பினால், குறை அவள் குரலில் இல்லை, அந்தப் பிள்ளை பாலோடு குடித்ததை இவள் பரீட்சைக்குப் படித்தாள் என்பதுதான் காரணம் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

இப்போதைக்குச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அவளிடம் தப்பை ரசிக்கச் சொல்லாதீர்கள், தாளத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஆதி தாளம் எட்டு அட்சரம், ரூபகம் ஆறு, மிஸ்ர சாபு ஏழு என்று அவள் ஏற்கெனவே கையில் போடக் கற்றிருப்பாள். ஒரு விடுமுறை நாளில் அப்பாவை ஒவ்வோர் அடியாக மெதுவாக அடிக்கச் சொல்லி, ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் பெயர், எந்த வேளையில் அடிப்பது, எத்தனை தப்பு சேர்ந்து அடிப்பது, யாரிடம் பழகினார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து அதே பதிவில் சேருங்கள். காமன் கூத்துக்குரிய அடிகளைப் பாத்திரம் பாத்திரமாகத் தனித்தனியாக எடுங்கள், ஒரே பதிவில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. சாவு அடியை வீட்டுக்குள் அடிக்க அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், வாயால் சொற்கட்டாகச் சொல்லச் சொன்னால் போதும். பிறகு அந்தப் பதிவைக் கொடுத்து, இது எத்தனை எண்ணிக்கையில் சுழல்கிறது, சுழற்சி தொடங்கும் சமம் எங்கே விழுகிறது என்று மட்டும் மகளிடம் கேளுங்கள். சில அடிகள் அவள் படித்த எந்தத் தாளக் கட்டத்துக்குள்ளும் நேராக உட்காராமல் போகலாம். உட்காராவிட்டால் தாத்தாவிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். கேட்கப் போவது பேத்தியாக இருக்கட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம்.